வெப்பக்காற்று பலூன் எவ்வளவு சுமை தூக்கும்? காற்றின் அடர்த்தி வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் முறை

ஒரே பலூன், ஒரே இடம், ஒரே பர்னர். காலை ஆறு மணிக்கு ஓட்டுநரோடு இரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு எழும்பிய அந்தப் பலூன், ஒன்பது மணிக்கு ஒரு பயணியை இறக்கிவிட்டால்தான் எழும்பும். நடுவில் மாறியது ஒன்றுதான். வெளியே இருக்கும் காற்று எட்டு டிகிரி சூடாகிவிட்டது.

பலூனின் தூக்கும் திறன் என்றதும் பலருடைய கவனமும் பர்னர் மீதும் உள்ளே இருக்கும் சூட்டின் மீதும்தான் போகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், வெளிக்காற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு இருப்பது தெரியும். ஒரு நடுத்தரப் பலூனை எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசி வரை எண்களோடு பார்ப்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## தூக்குவது எது?

1783-இல் பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் தங்கள் பலூனைப் பறக்கவிட்டபோது, வைக்கோலையும் கம்பளியையும் எரித்தால் தனி வகை வாயு ஒன்று வருகிறது, அதுதான் தூக்குகிறது என்று நம்பினார்கள். அப்படி ஒரு வாயு கிடையாது. சாதாரணக் காற்றே சூடானால் விரிகிறது. பலூனின் வாய் கீழே திறந்திருப்பதால், விரிந்த காற்றில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறிவிடுகிறது. உறைக்குள் மிஞ்சுவது அதே கன அளவுள்ள, ஆனால் எடை குறைந்த காற்று.

ஆர்க்கிமிடீஸ் தண்ணீருக்குச் சொன்னது காற்றுக்கும் பொருந்தும். பலூன் எவ்வளவு வெளிக்காற்றை விலக்கி நிற்கிறதோ அந்தக் காற்றின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் சூடான காற்றின் எடை கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மொத்தத் தூக்குத்திறன். அதிலிருந்து உறை, கூடை, பர்னர், சிலிண்டர் எல்லாவற்றின் எடையையும் கழித்தால் மிஞ்சுவது ஆட்களுக்கு.

ஆக, இங்கே இரண்டு முறை கழிக்கிறோம். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு நடுத்தர எண், அதிலிருந்து இன்னொன்றைக் கழித்து ஒரு சின்ன எண். பெரிய எண்ணில் வரும் இரண்டு சதவீதப் பிழை, கடைசிச் சின்ன எண்ணில் இருபது சதவீதமாக வந்து நிற்கும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

## கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சூத்திரம்

காற்றின் அடர்த்தி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அழுத்தம், வெப்பநிலை. அழுத்தம் கூடினால் அடர்த்தி கூடும், சூடு கூடினால் குறையும். உலர்ந்த காற்றுக்கு அது இப்படி வரும்:

```
d = 0.3484 × P / T
```

இதில் d என்பது ஒரு கன மீட்டர் காற்றின் எடை, கிலோவில். P என்பது அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். வானிலை அறிக்கைகளில் வரும் மில்லிபார் என்பதும் இதே அளவுதான். T என்பது கெல்வினில் வெப்பநிலை, அதாவது செல்சியஸோடு 273 கூட்ட வேண்டும். செல்சியஸை அப்படியே போட்டுவிட்டால் விடை அபத்தமாக வரும். அதனால் இந்தத் தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும்.

சூத்திரம் சரியா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி என்று போட்டால் ஏறக்குறைய 1.225 கிலோ வர வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். பலூன் பறப்பது அந்த எடையை நம்பித்தான்.

வாய் திறந்திருப்பதால் உறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. உச்சியில் உள்ளழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். உறையை விறைப்பாக நிறுத்துவது அதுதான். ஆனால் அது அரை ஹெக்டோபாஸ்கல் கூட இருக்காது என்பதால் கணக்கில் விட்டுவிடலாம். எனவே ஒரு கன மீட்டருக்கான தூக்குத்திறன்:

```
L = 0.3484 × P × (1/T_out − 1/T_in)
```

T_out வெளிக்காற்றின் வெப்பநிலை, T_in உள்காற்றின் சராசரி வெப்பநிலை, இரண்டும் கெல்வினில். இதைக் கன அளவால் பெருக்கினால் மொத்தத் தூக்குத்திறன் வந்துவிடும்.

## முதல் படி: கன அளவு

தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் கன அளவு தெரிந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்துக்கு 2,200 கன மீட்டர். ஓட்டுநரோடு இரண்டு மூன்று பேர் போகும் அளவுள்ள பலூன் இது.

கன அளவு தெரியாமல் விட்டத்தை வைத்து மதிப்பிடுவதாக இருந்தால் கவனம் தேவை. கோளம் என்று வைத்துக்கொண்டால் விட்டத்தின் கனத்தை 0.5236-ஆல் பெருக்க வேண்டும். 16 மீட்டர் விட்டத்துக்கு 2,145 கன மீட்டர் வருகிறது. விட்டத்தை 16.5 என்று அளந்துவிட்டால் 2,352. அளவில் மூன்று சதவீதம் பிசகினால் கன அளவில் பத்து சதவீதம் பிசகுகிறது. தூரத்தில் நின்று கண்ணால் அளந்த விட்டத்தை வைத்து ஆட்களை எண்ணக் கூடாது.

## இரண்டாம் படி: வெளிக்காற்று

நம் பலூன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஒரு சமவெளியிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணி, வெப்பநிலை 20 டிகிரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 910 ஹெக்டோபாஸ்கல்.

நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இந்த அழுத்தம்தான். கைபேசியிலோ வானிலை அறிக்கையிலோ அந்த ஊரின் அழுத்தத்தைப் பார்த்தால் பெரும்பாலும் 1013-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் இருக்கும். அது அந்த இடத்தில் உண்மையாக நிலவும் அழுத்தம் இல்லை. வேறுவேறு உயரத்தில் இருக்கும் ஊர்களை ஒப்பிடுவதற்காக, எல்லாமே கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிச் சொல்லப்படும் எண் அது. நமக்கு வேண்டியது கூடை நிற்கும் தரையில் உள்ள அழுத்தம்.

தப்பான எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? 20 டிகிரி வெளியே, 100 டிகிரி உள்ளே என்று வைத்து 1013-ஐப் போட்டால் மொத்தத் தூக்குத்திறன் 568 கிலோ வருகிறது. 910-ஐப் போட்டால் 511 கிலோ. இல்லாத 57 கிலோவை இருப்பதாக நம்பிவிடுகிறோம். அது ஒரு ஆளின் எடை.

அந்த இடத்து அழுத்தத்தைக் காட்டும் மானி இல்லையென்றால், தாழ்வான உயரங்களில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 11 முதல் 12 ஹெக்டோபாஸ்கல் குறைத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டுக்கு இது போதும்.

வெப்பநிலையை நிழலில், தரையிலிருந்து சற்று மேலே அளக்க வேண்டும். பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது கூடைக்கு அருகில் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

## மூன்றாம் படி: உள்ளே எத்தனை டிகிரி?

உறைக்குள் வெப்பநிலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சூடான காற்று உச்சிக்குப் போய்விடும், ஓரத்தில் துணியை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து இறங்கும், வாய்ப்பகுதியில் இன்னும் குறைவு. பலூனில் பொருத்தியிருக்கும் வெப்பமானி உச்சிக்கு அருகில்தான் இருக்கும், ஏனென்றால் துணிக்கு ஆபத்து வருவது அங்கேதான். நம் கணக்குக்கு வேண்டியதோ மொத்தக் காற்றின் சராசரி. உச்சியில் காட்டும் எண்ணைச் சராசரி என்று போட்டுவிட்டால் தூக்குத்திறனைக் கூட்டி மதிப்பிட்டுவிடுவோம்.

திட்டமிடும்போது சராசரியை 100 டிகிரி என்று எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். உச்சி அதைவிடச் சூடாக இருக்கும் என்று தெரிந்துகொண்டே இதைச் செய்கிறோம். நைலான் உறைகளுக்கு உச்சியில் அனுமதிக்கப்படும் வரம்பு பொதுவாக 120 டிகிரியை ஒட்டி இருக்கும். துல்லியமான எண் அந்தந்தப் பலூனின் கையேட்டில் இருக்கும். நைலான் உருகுவது இருநூறு டிகிரிக்கும் மேலேதான். ஆனால் அதற்கு வெகு முன்பே, திரும்பத் திரும்பச் சூடு பட்டுத் துணியின் மேல்பூச்சு தேய்ந்து காற்று கசிய ஆரம்பித்துவிடும். கசியும் உறைக்கு அதே சூட்டைத் தக்கவைக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஒரே மாதிரி நாளில், ஒரே சுமைக்கு, முன்பைவிட அடிக்கடி பர்னரை எரிக்க வேண்டியிருந்தால் உறை வயதாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

## நான்காம் படி: மொத்தத் தூக்குத்திறன்

இப்போது எண்களைப் போடுவோம். 0.3484-ஐ 910-ஆல் பெருக்கினால் 317.04.

வெளிக்காற்று 293 கெல்வின். 317.04-ஐ 293-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டர் 1.082 கிலோ.

உள்காற்று 373 கெல்வின். அதேபோல் வகுத்தால் 0.850 கிலோ.

வித்தியாசம் 0.232 கிலோ. 2,200-ஆல் பெருக்கினால் 511 கிலோ.

இந்த 511-க்குப் பின்னால் இருக்கும் எண்களையும் பாருங்கள். பலூன் விலக்கிய வெளிக்காற்று சுமார் 2,381 கிலோ, உள்ளே இருக்கும் சூடான காற்று சுமார் 1,870 கிலோ. வானத்தில் பஞ்சு போல் போகும் பலூன் உண்மையில் சுமையோடு சேர்த்து இரண்டேகால் டன்னுக்கும் மேல் நிறையுள்ள ஒரு பொருள். இறங்க ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்த நேரம் எடுப்பது இதனால்தான்.

கணினியில் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு:

```python
def lift(V, P, t_out, t_in):
    k = 0.3484 * P
    return V * k * (1/(t_out + 273) - 1/(t_in + 273))

print(lift(2200, 910, 20, 100))
```

விடை 510.6 என்று வரும்.

## ஐந்தாம் படி: பலூனின் சொந்த எடை

இந்த அளவு பலூனுக்குப் பொருந்தும் எடைகளை எடுத்துக்கொள்வோம். உறை 105 கிலோ, கூடை 75, பர்னரும் அதைத் தாங்கும் சட்டமும் 30, கருவிகள், தீயணைப்பான், கயிறு எல்லாம் சேர்த்து 10. புரொப்பேன் சிலிண்டர் இரண்டு. ஒவ்வொன்றிலும் 20 கிலோ எரிபொருள், காலிச் சிலிண்டர் 18 கிலோ, ஆக இரண்டுக்கும் 76. மொத்தம் 296 கிலோ.

511-லிருந்து 296 போக 215 கிலோ மிஞ்சுகிறது. ஓட்டுநர் 80 கிலோ, பயணிகள் 70, 60 கிலோ என்றால் 210. ஐந்து கிலோ மட்டும் மிச்சத்தோடு பலூன் எழும்பும்.

அந்த ஐந்து கிலோ மிச்சம் போதுமா? போதாது என்பதே என் கருத்து. இரண்டேகால் டன் நிறையை ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளினால், பலூன் மிக மெதுவாகத்தான் மேலே நகரும். பக்கத்தில் மரமோ மின்கம்பியோ இருந்தால் அந்த வேகத்தில் தாண்ட முடியாது. அந்த நேரத்தில் உள்ளே 104, 105 டிகிரிக்குக் கொண்டுபோய்த்தான் ஏற வேண்டியிருக்கும். அதனால்தான் 100-ஐ வைத்துத் திட்டமிட்டுவிட்டு, அதற்கும் வரம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தொடாமல் வைக்கிறோம். அந்த இடைவெளி ஏறுவதற்கும், இறக்கத்தை நிறுத்துவதற்கும் உரியது. அதில் ஆளை ஏற்றிவிட்டால் அவசரத்துக்கு எதுவும் இருக்காது.

சிலிண்டரில் உள்ள 40 கிலோ எரிபொருள் போகப்போகக் குறையும், அப்போது பலூன் லேசாகிவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் கிளம்பும்போது அந்த 40 கிலோ முழுதாகக் கூடையில் இருக்கிறது. கிளம்பும்போதுதான் மரம் பக்கத்தில் இருக்கிறது.

## மூன்று மணி நேரம் கழித்து

காலை ஒன்பது மணி. வெளியே 28 டிகிரி, அதாவது 301 கெல்வின். அழுத்தம் மாறவில்லை. வெளிக்காற்றின் அடர்த்தி 317.04-ஐ 301-ஆல் வகுக்க 1.053. உள்காற்று அதே 0.850. வித்தியாசம் 0.203, மொத்தம் 447 கிலோ. பலூனின் சொந்த எடை 296 போக 151 கிலோதான் மிச்சம். ஆறு மணிக்கு 215 இருந்தது. ஆக 64 கிலோ காணாமல் போய்விட்டது.

மொத்தத் தூக்குத்திறனில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஆட்களுக்கு மிஞ்சும் சுமையிலோ முப்பது சதவீதம் போய்விட்டது. முதலில் சொன்ன இரட்டைக் கழித்தலின் விளைவு இதுதான்.

இந்தப் பலூனுக்கு இந்த நிலைமையில் வெளிக்காற்று ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 8 கிலோ குறைகிறது. உள்காற்றை ஒரு டிகிரி கூட்டினால் 5 கிலோதான் கிடைக்கிறது. வெப்பநிலையின் தலைகீழ்தான் சூத்திரத்தில் வருகிறது என்பதால், ஏற்கெனவே சூடாக இருக்கும் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு மதிப்புக் குறைவு. வெளியே ஐந்து டிகிரி ஏறினால் அதை ஈடுகட்ட உள்ளே எட்டு டிகிரி ஏற்ற வேண்டும். பர்னரால் வெயிலைத் துரத்திப் பிடிப்பது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். பலூன்கள் சூரியன் எழும் நேரத்தில் பறப்பதற்குக் காற்று அமைதியாக இருப்பது முதல் காரணம். இது அதற்கு அடுத்தது.

குளிர் நாளில் நிலைமை நேர்மாறு. வெளியே 0 டிகிரி என்றால் இதே பலூன் 685 கிலோ தூக்கும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு பலூனுக்கும் தயாரிப்பாளர் ஒரு உச்ச எடை வரம்பு வைத்திருப்பார். அது துணி, கயிறு, கூடை ஆகியவற்றின் வலிமையைப் பார்த்து வைத்தது. காற்று தாங்கும் என்பதற்காக அந்த வரம்பைத் தாண்ட முடியாது. எடை வரம்பும் தூக்குத்திறன் வரைபடமும் கையேட்டில் இருக்கும். உண்மையில் பறக்கும்போது அதுவே முடிவானது.

## கணக்கைத் திருப்பிப் போடுதல்

எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பதைவிட, இந்தச் சுமைக்கு உள்ளே எத்தனை டிகிரி வேண்டும் என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. வரும் விடையைக் கையேட்டு வரம்போடு நேராக ஒப்பிடலாம்.

```
T_in = 0.3484 × P / (d_out − M/V)
```

d_out என்பது வெளிக்காற்றின் அடர்த்தி, M என்பது பலூனும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடை, V கன அளவு.

ஒன்பது மணிக்கு அதே மூன்று பேரையும் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். M என்பது 296-ம் 210-ம் சேர்ந்து 506. அதை 2,200-ஆல் வகுத்தால் 0.230. வெளிக்காற்று 1.053-லிருந்து கழித்தால் 0.823. 317.04-ஐ 0.823-ஆல் வகுத்தால் 385 கெல்வின், அதாவது 112 டிகிரி.

112 என்பது 120-க்குக் கீழேதானே என்று தோன்றும். ஆனால் இது சராசரி, வரம்பு உச்சிக்கு உரியது. சராசரி 112 இருக்கும்போது உச்சி வரம்பைத் தொட்டுவிட்டிருக்கும், அதுவும் பலூன் வெறுமனே மிதப்பதற்கே. ஏறுவதற்கு மேலும் சூடு வேண்டும். பலூன்களில் உச்சிக்கருகே, அளவுக்கு மீறிச் சூடானால் உருகி அறுந்து ஒரு சின்னக் கொடியைக் கீழே விழவைக்கும் இணைப்பு வைத்திருப்பார்கள். ஓட்டுநரின் முன்னால் அந்தக் கொடி விழுந்தால் உறை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். அந்த நிலைக்குப் போகாமல், தரையில் நிற்கும்போதே ஒருவரை இறக்கிவிடுவதுதான் சரி.

## மேலே போகப்போக என்ன ஆகும்?

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, எனவே தூக்குத்திறன் வேகமாகக் குறையும் என்று எதிர்பார்ப்போம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

ஆறு மணிக்குக் கிளம்பிய பலூன் 600 மீட்டர் ஏறுகிறது. அழுத்தம் ஏறத்தாழ 848 ஆகிறது. வெப்பநிலை ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற வழக்கமான கணக்கில் குறைந்தால், அங்கே 16 டிகிரி. சூத்திரத்தில் போட்டால் 506 கிலோ. தரையில் இருந்த 511-லிருந்து ஐந்து கிலோதான் இறங்கியிருக்கிறது. அழுத்தம் குறைந்ததால் போனதைக் குளிர்ச்சி பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆனால் தெளிவான வானமும் அமைதியான இரவும் கடந்த காலைகளில் காற்று இப்படி நடந்துகொள்ளாது. இரவில் தரை குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்வித்துவிடும். மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். இதை இன்வெர்ஷன் என்கிறார்கள். இதே 600 மீட்டரில் 16-க்குப் பதில் 22 டிகிரி இருந்தால் தூக்குத்திறன் 461 கிலோவாக இறங்கிவிடுகிறது. மொத்த எடையோ 506. அங்கே நிற்க வேண்டுமானால் உள்ளே சராசரி 110 டிகிரி வேண்டும்.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், தரையில் எடுத்த எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். கிளம்பும்போது லகுவாக எழும்பிய பலூன், ஓர் உயரத்துக்குப் பிறகு பர்னரை எரித்தும் ஏற மறுக்கும். வெளி வெப்பமானியைப் பார்த்தால் ஏறுகிற வழியில் வெப்பநிலை கூடியிருப்பது தெரியும். புகை நேராக எழும்பி ஓர் உயரத்தில் தட்டையாகப் பரவி நிற்பதைக் கிளம்பும் முன்பே தூரத்தில் பார்த்தாலும் இதை யூகிக்கலாம். அந்த நாளில் தரைக் கணக்கில் இன்னும் ஐம்பது கிலோவாவது குறைத்துத் திட்டமிட வேண்டும்.

## ஈரப்பதம் எவ்வளவு பாதிக்கும்?

குறைவுதான். நீராவி காற்றைவிட லேசானது, ஆகவே ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசு. உள்ளே போவதும் அதே ஈரக்காற்று என்பதால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைகிறது. நம் உதாரணத்தில் ஏறக்குறைய முழு ஈரப்பதம் இருந்தாலும் நான்கைந்து கிலோதான் போகும். மொத்தத் தூக்குத்திறனில் ஒரு சதவீதம் கழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

## கணக்கில் வராத ஒரு தூக்கல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சரியான கணக்கையும் பொய்யாக்கிக் காட்டும். மரங்களுக்குப் பின்னால் காற்று மறைந்த இடத்தில் பலூன் நிற்கிறது, மரங்களுக்கு மேலே காற்று வீசுகிறது. உறையின் வளைந்த உச்சி அந்த வீச்சுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. விமான இறக்கையின் மேல் நடப்பதுபோல அந்த வளைவின் மேலும் அழுத்தம் குறைந்து, உறை மேலே இழுக்கப்படுகிறது. கணக்குப்படி உள்ளே 100 டிகிரி வேண்டிய சுமை, 90 டிகிரியிலேயே தரையை விட்டு எழும்பும்.

எழும்பிய சில வினாடிகளில் பலூன் காற்றின் வேகத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் உறைக்கும் காற்றுக்கும் நடுவே வேக வித்தியாசமே இல்லை, அந்த இழுப்பும் இல்லை. உள்ளே இருப்பது 90 டிகிரிக் காற்று, அது தூக்குவது 459 கிலோ. சுமை 506. மரங்களைத் தாண்டும் நேரத்தில் பலூன் இறங்கத் தொடங்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கே உதவும். கிளம்பும் முன் தேவையான வெப்பநிலையைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தால், அதற்குப் பல டிகிரி குறைவாக இருக்கும்போதே கூடை தரையை விட்டால், தூக்குவது சூடு இல்லை என்று உடனே தெரிந்துவிடும். கூடையைப் பிடித்திருப்பவர்களைப் பிடித்தபடியே இருக்கச் சொல்லி, தேவையான வெப்பநிலை வரும்வரை எரிக்க வேண்டும்.

## வீட்டில் சோதித்துப் பார்க்க

கணக்கு உண்மையா என்று கையால் தெரிந்துகொள்ள, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள பலூன் செய்யலாம். சூடேற்ற முடி உலர்த்தும் கருவி போதும். மெழுகுவத்தியோ வேறு தீயோ வேண்டவே வேண்டாம்.

அதன் கன அளவு 0.524 கன மீட்டர். சதுர மீட்டருக்கு 18 கிராம் எடையுள்ள காகிதம் என்றால் பரப்புக்கு 57 கிராம், பசைக்கு ஐந்து கிராம் சேர்த்து 62. கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் அறை 20 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் தூக்குத்திறன் 76 கிராம் வருகிறது. 14 கிராம் மிச்சம். திருப்பிப் போட்டால் 52 டிகிரியிலேயே அது மிதக்கத் தொடங்க வேண்டும். நூலில் காகிதக் கிளிப்புகளைக் கோத்துத் தொங்கவிட்டு, எத்தனை கிளிப்பு தூக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிளிப்புகளை முதலில் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் எடை கணக்கைவிடக் குறைவாக இருந்தால், உள்ளே சராசரி நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு. வெப்பமானியை உச்சியில் வைத்திருந்தீர்களா, நடுவிலா என்று பாருங்கள்.

இதையே அரை மீட்டர் விட்டத்தில் செய்தால் பறக்காது. தூக்குத்திறன் எட்டில் ஒரு பங்காக, ஒன்பதரை கிராமாகக் குறைகிறது, காகிதமோ நான்கில் ஒரு பங்காகத்தான் குறைந்து 14 கிராம் இருக்கிறது.

ஒரு மீட்டர் பலூனை 35 டிகிரி வெயில் நேரத்தில் சோதித்தால் அதுவும் பறக்காது. அதே 60 டிகிரிக்கு 45 கிராம்தான் கிடைக்கும், பலூனோ 62 கிராம். மிதக்க வேண்டுமானால் உள்ளே 70 டிகிரிக்குச் சற்று மேல் போக வேண்டும். வெளியே 15 டிகிரி கூடியதற்கு உள்ளே 18 டிகிரிக்கும் மேல் கூட்ட வேண்டியிருக்கிறது.